ஒட்னி போகாத விருந்தில் ஒட்னியின் பங்கு

தூருனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பேர்கன் துறைமுகத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்வாள். நான் பின்னறையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துவேன். பதினாலு வருடம் அப்படியே ஓடியது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள், ஆனால் தனிமை என்று அவள் ஒரு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. அவளுக்கு மூன்று தோழிகள் இருந்தார்கள். நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வருடா வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு மலையில் ஒரு மரக்குடிலை வாடகைக்கு எடுத்துப் பனியில் சறுக்கிவிட்டு வருவார்கள். அந்த நாலு பேரின் கதைதான் இது. நடந்ததில் பாதியை நானே கண்ணால் பார்த்தேன், மீதியைத் தூருன் சொன்னாள்.

முதல் தோழி ஹர்டிஸ், கண்டாலே வார்டு முழுக்க நடுங்கும் மருத்துவமனைத் தாதி. இரண்டாமவள் பூடில், யாருக்கும் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தன் மனத்தை நோகடித்துக்கொள்பவள். மூன்றாமவள் ஒட்னி. சாண்ட்வீக்கனில், படியேறிப் படியேறி மூச்சு வாங்கும் உயரத்தில் ஒரு மரவீட்டில் இருந்தாள். பூக்கடை வேலை. மணமுறிவாகிப் பல காலம் ஆகிவிட்டது. ஒரே மகன் ஐவிண்ட், வடக்கே துரும்சோவில். நாலு பேரில் சிரிப்பு மூட்டுபவள் அவள்தான். கடைக்கு வந்தால் பின்னறைக் கதவைத் தட்டி, "வாசுகி, இன்னிக்கு எத்தனை பேருக்குக் கண்ணைத் திறந்து விட்ட?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அந்த ஈஸ்டருக்குப் போய் வந்ததிலிருந்து தூருன் சரியாக இல்லை. விசாரித்தேன்.

"ஒட்னிக்கு என்னமோ ஆகுது, வாசுகி," என்றாள். "குடில்ல அடுப்பை எரியவிட்டுட்டுக் கதவைச் சாத்திட்டு வெளிய கெளம்பிட்டா. அது யாருக்கும் ஆகும்னு விட்டுடலாம். சீட்டாடும்போது பூடில் மகளுக்கு எப்ப கல்யாணம்னு கேட்டா. சொன்னோம். காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சிட்டு மறுபடி அதையே கேட்டா. ஹர்டிஸ் என்னைப் பாத்தா, நான் பூடிலைப் பாத்தேன்."

அதற்குப் பிறகும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஒட்னி சனிக்கிழமையே கேக்கோடு வந்து நின்றாள். நாற்பது வருடமாக ஓட்டிய சாலையில், வோஸ் ஊரிலிருந்து திரும்பும்போது வழி தெரியாமல் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூருனுக்குப் போன் செய்தாள். "சும்மா உன் குரலைக் கேக்கணும்னு தோணிச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்கினாள். பேச்சு முடிவதற்குள், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை வேடிக்கை போலக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஐவிண்டிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க மற்ற மூன்று பேரும் ஒட்னிக்குத் தெரியாமல் சந்திப்பதென்று ஹர்டிஸ் ஏற்பாடு செய்தாள். ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்த கையோடு, துறைமுகத்து மீன் உணவகம் ஒன்றில் கூடினார்கள். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து நாலு பேரில் ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவர்கள் இப்படிக் கூடியது அதுதான் முதல் தடவை. ஒயினைக்கூடக் குற்ற உணர்வோடுதான் குடித்தேன் என்றாள் தூருன்.

மேசையில் நடந்தது சுருக்கமாக இவ்வளவுதான்.

"நான் ஞாயித்துக்கிழமை ஐவிண்டுக்குப் போன் பண்றேன்," என்றாள் ஹர்டிஸ். "அவ கார் ஓட்டுறாடி. யாரையாவது இடிச்சுப் போட்டப்புறம் அழுதுகிட்டு உக்காந்திருப்பீங்களா?"

"அவகிட்டயே மெதுவாச் சொல்லிப் பாக்கலாமே," என்றாள் பூடில்.

"எப்படிச் சொல்லுவ? 'ஒட்னி கண்ணு, உனக்குப் புத்தி மழுங்குது'ன்னா?"

பூடில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூருன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினாள். கடைசியில் ஹர்டிஸ் சொன்னபடியே ஆயிற்று.

பில் வந்தது. இரண்டாயிரத்து நூற்று அறுபது குரோனர். "தனித்தனியாவா, சேர்த்தா?" என்று பரிமாறுகிற பெண் கேட்டாள். கூட்டத்தில் கணக்குப் பிள்ளை எப்போதும் தூருன்தான், அதனால் அவளே அட்டையை நீட்டினாள்.

"குழுவுல போட்டுடு," என்று ஹர்டிஸ் கோட்டில் கையை நுழைத்துக்கொண்டே சொன்னாள்.

இங்கே யாரும் யாருக்கும் கையில் காசு கொடுப்பதில்லை. பணம் அனுப்பும் செயலிதான். அதில் நண்பர்கள் சேர்ந்து குழு வைத்துக்கொள்ளலாம். ஒருத்தர் செலவு செய்துவிட்டுத் தொகையைக் குழுவில் பதிந்தால், அது பங்கு பிரித்து ஆளாளுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். இவர்களுக்கும் "மலைக்குடில்" என்று ஒரு குழு இருந்தது. குடில் வாடகை, பெட்ரோல், ரொட்டி, வெண்ணெய், எல்லாம் அதில்தான். தூருன் செயலியைத் திறந்து, குழுவைத் தொட்டு, "வியாழக்கிழமை மீன் விருந்து" என்று எழுதித் தொகையைப் போட்டாள். கீழே குழுவில் உள்ளவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. செலவில் யாருக்குப் பங்கில்லையோ அவர்கள் பெயருக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் சமமாகப் பிரியும்.

தூருனுக்கு அந்த டிக்கை எடுத்துப் பழக்கமே இல்லை. எந்தச் செலவும் எப்போதும் நாலு பேருக்குமானதாகவே இருந்தது. சேமி என்பதைத் தொட்டாள்.

மூன்று போன்களும் மேசையில் கிணுகிணுத்தன என்று அவள் நினைத்தாள். இரண்டுதான் மேசையில் கிணுகிணுத்திருக்கின்றன. மூன்றாவது சாண்ட்வீக்கனில், ஒட்னியின் வீட்டில்.

ஹர்டிஸ் அந்த இடத்திலேயே விரலைத் தட்டிப் பணம் அனுப்பினாள். பூடில் டிராமுக்குக் காத்திருக்கும்போது அனுப்பினாள். இருவருமே தொகையைச் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மழை. கடை திறக்கும் நேரம். நான் பின்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் தூருன் "ஐயோ" என்றாள். சத்தமாக இல்லை, மூச்சு வெளியே போவதுபோல. வெளியே வந்து பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து போனையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

போனை என் பக்கம் திருப்பினாள். திரையில் ஒட்னியின் பெயரும் ஐந்நூற்று நாற்பது குரோனரும் இருந்தன. கீழே ஒட்னி ஒரு வரி எழுதியிருந்தாள்: "நேத்துக்கு ரொம்ப நன்றி. எவ்வளவு நாளாச்சு இப்படி உக்காந்து பேசி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றி சொல்வது இந்த ஊர்க்காரர்களின் பழக்கம்தானே, விருந்துக்குப் போனால் மறுநாள் நன்றி சொல்வார்கள்.

"அவ வரவே இல்லை, வாசுகி," என்றாள் தூருன். "வராத விருந்துக்குப் பணம் கட்டியிருக்கா. நன்றியும் சொல்லியிருக்கா."

நடந்ததை அவள் விவரமாகச் சொன்னாள். செயலியில் அந்தச் செலவைத் திறந்து பார்த்தோம். மொத்தம், செலுத்தியவர் தூருன், கீழே பங்குதாரர்கள்: தூருன், ஹர்டிஸ், பூடில், ஒட்னி. நாலு பேருக்கும் ஐந்நூற்று நாற்பது. இதைப் பார்க்கிற எவருக்கும் நாலு பேரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதாகத்தான் தோன்றும். ஒட்னிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

"அழிச்சிடலாமா?" என்றேன்.

"அழிச்சா அவளுக்கும் தெரியும். 'தூருன் செலவை நீக்கினாள்'னு அவ போனுக்குப் போகும். பேரை மட்டும் எடுத்தாலும் அப்படித்தான்." தூருன் விரலை மேலே கொண்டு போவாள், எடுப்பாள். "என்னத்தத் தொட்டாலும் அவ வீட்டுல மணி அடிக்குது."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற இருவரையும் ஒரே அழைப்பில் பிடித்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தாள், தனியாகக் கேட்கப் பயமாக இருந்ததாம்.

"அடிப் பாவி, நாலாப் பிரிச்சியா?" என்றாள் பூடில். "நானும் நினைச்சேன், இன்னிக்கு மலிவா இருக்கேன்னு."

"நினைச்சவ கேக்கறதுக்கென்ன?" என்று தூருன் சீறினாள்.

ஹர்டிஸ் மருத்துவமனைக் குரலில் சொன்னாள்: "இதுக்கு மேல என்னடி வேணும்? இதான் அத்தாட்சி. போகாத இடத்துக்குப் போனதா நம்பிட்டா. ஐவிண்ட்கிட்ட முதல்ல இதைத்தான் சொல்லப் போறேன்."

"அவ நம்பலை, நம்ப வச்சோம்," என்றாள் தூருன். "நான் எது அனுப்பினாலும் அவ பாக்காம கட்டுவா. நீயும் அப்படித்தான் கட்டின."

"நான் சாப்பிட்டேன்."

பூடில் அழ ஆரம்பித்தாள். "அப்படியே விட்டுடுங்கடி. கட்டிட்டா, சந்தோஷமா இருந்ததா எழுதியும் இருக்கா. இருந்துட்டுப் போகட்டும். நீங்க போய் 'நீ வரலை'ன்னு சொன்னா, எதுக்கு வரலை, ஏன் கூப்பிடலைன்னு கேப்பா. என்ன பதில் வச்சிருக்கீங்க?"

பூடில் சொன்னதில் ஓர் ஆசுவாசம் இருந்ததை மறைக்க முடியாது என்று தூருன் பின்னால் என்னிடம் ஒத்துக்கொண்டாள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூடியது வெளியே வராது. ஒட்னி தானே அதை மூடி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம், கடை சாத்துவதற்குச் சற்று முன்னால், ஒட்னியே கூப்பிட்டாள். ஒரு வாடிக்கையாளர் சட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தூருன் என்னை அவரிடம் தள்ளிவிட்டுப் பின்னறைக்குள் போனாள். கதவு பாதி திறந்திருந்தது, போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"என்னடி, வேலையா?" என்று ஒட்னியின் குரல் வந்தது. எப்போதும்போலக் கலகலவென்று, ஆனால் கொஞ்சம் அதிகமாகக் கலகலவென்று. "ஒண்ணுமில்லை. என் சாம்பல் கலர் கையுறையைக் காணோம். நேத்து அங்க மேசையில வச்சிட்டு வந்துட்டேனா, பாத்தியா?"

தூருன் சுவரில் சாய்ந்துகொண்டாள். பதில் சொல்ல அவளுக்கு இரண்டு வழிதான் இருந்தது. அவள் வாயில் வந்தது மூன்றாவது.

"இல்லையே... நான் பாக்கலைடி."

"சரி சரி. வேற எங்கயாவது கிடக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் நேத்து... நல்லாத்தான இருந்தேன்? ரொம்பப் பேசிட்டேனோ?"

"நீ எப்பவும் போலத்தான்," என்றாள் தூருன்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தவள், அந்த வாடிக்கையாளரைத் தாண்டி, தெருவுக்கே போய் மழையில் நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அவ கையுறையைத் தேடலை," என்றாள். "தான் அங்க இருந்தாளான்னு தேடுறா. நானும் 'ஆமா, இருந்தே'ன்னு சொல்லிட்டேன்."

சனிக்கிழமை கடை அரை நாள். தூருன் வந்தாள், ஆனால் வேலை ஓடவில்லை. ஒருத்தர் சட்டத்தை இன்னொருத்தர் உறையில் போட்டாள். காலையிலேயே ஹர்டிஸிடமிருந்து செய்தி வந்திருந்தது: நாளைக்குப் பதினோரு மணிக்கு ஐவிண்டைக் கூப்பிடுகிறேன், யாரும் தடுக்காதீர்கள். தூருன் அதைப் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பாள்.

"நான் அவளைப் பாத்துட்டு வரேன்," என்றாள் திடீரென்று. "நீயும் படி வரைக்கும் வா. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்."

போனேன். சாண்ட்வீக்கன் படிகளின் அடியில் என்னை நிறுத்திவிட்டு அவள் ஏறினாள். பாதியில் நின்றாள். நான் கீழிருந்து "ஏறு" என்று கையைக் காட்டினேன். ஏறினாள். நான் பேருந்து நிறுத்தத்துக் கூரையின் கீழே ஒதுங்கினேன். உள்ளே நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன்.

ஒட்னி கதவைத் திறந்தாள். வீடு கலைந்து கிடந்தது. கூடத்து நாற்காலிகளில் கோட்டுகளெல்லாம் பையை வெளியே இழுத்துவிட்டபடி தொங்கின. கைப்பை கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. சமையலறை மேசையில் போன், அதன் பக்கத்தில் ஆறிப்போன காப்பி. சாம்பல் நிறக் கையுறைகள் ஜன்னலோரத்தில் ஜோடியாக, பத்திரமாக இருந்தன.

"வந்துட்டியா," என்றாள் ஒட்னி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள். "நான் எதுல வந்தேன், தூருன்?"

"எங்க?"

"வியாழக்கிழமை. பஸ்ல வந்தா டிக்கெட் போன்ல இருக்கணும். இல்லை. கார் ஓட்டிட்டு வந்தா பார்க்கிங் காசு கட்டியிருக்கணும். கட்டலை. பேங்க் கணக்கைப் பாத்தேன், அன்னிக்கு ஒரு காப்பி கூட வாங்கலை. மறுநாள் உனக்கு அனுப்பின பணம் ஒண்ணுதான் இருக்கு." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "யாராவது என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா? என்ன சாப்பிட்டேன்? ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைக்கிறேன், ஒரு துளி ஞாபகம் வரலை. ஒரு சாயங்காலம் முழுசாக் காணோம்டி. அப்படியே வெட்டி எடுத்த மாதிரி."

தூருன் நின்றபடியே சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியதாம்.

"நீ வரலை, ஒட்னி. நாங்க மூணு பேரும்தான் போனோம். டிக்கை எடுக்க மறந்துட்டேன், உன் பேர்லயும் பங்கு விழுந்துடுச்சு. நேத்து போன்ல கேட்டியே, அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

ஒட்னிக்கு அது காதில் விழுந்து உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அப்படியே நாற்காலியில், கோட்டுகளின் மேலேயே உட்கார்ந்தாள். கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தூருன் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வரலையா நான்? நிஜமாவா? வரவே இல்லையா?"

"வரவே இல்லைடி."

"அப்ப மறக்கலை!" ஒட்னி எழுந்து தூருனைக் கட்டிப்பிடித்தாள். "கழுதை, ரெண்டு நாளா என்னைக் கொன்னுட்டியே! மறக்கலை நான்! நடக்காததை எப்படி மறப்பேன்?" இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒட்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பில் புதுக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

"மூணு பேரு மட்டும் எதுக்குப் போனீங்க?"

தூருன் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்த்தும் பயனில்லை. அடுப்பைச் சொன்னாள், கல்யாணக் கேள்வியைச் சொன்னாள், கேக்கைச் சொன்னாள், பெட்ரோல் பங்கைச் சொன்னாள். ஹர்டிஸ் நாளைக்கு ஐவிண்டைக் கூப்பிடப் போவதையும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒட்னியின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அப்ப என் தலையைப் பத்திப் பேச மூணு பேரு உக்காந்து மீன் தின்னுருக்கீங்க."

"ஒட்னி..."

"என்ன மீன்?"

"ஹாலிபட்."

"ஹாலிபட்! என்னைப் பத்திப் புறம் பேசின விருந்துக்கு நானே காசும் கட்டி, நன்றியும் சொல்லியிருக்கேன். நல்லாருந்துதா?" குரல் உயர்ந்தது. "என் பிள்ளைகிட்ட என்னைக் கேக்காம பேசுறதுக்கு ஹர்டிஸ் யாரு? நீ யாரு? எழுந்திரு. போ."

"நான் உக்காரவே இல்லைடி."

"அப்ப நின்னபடியே போ!"

தூருன் படியிறங்கி வந்தாள். நிறுத்தத்திலேயே நின்று ஹர்டிஸைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கூப்பிடாத. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த கத்தல் எனக்கே கேட்டது. அவள் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய் விழுந்தால் யார் பொறுப்பு என்று ஹர்டிஸ் கேட்டாள். "நான்தான்," என்றாள் தூருன். "நான்தான் பொறுப்பு. புதன்கிழமை வரைக்கும் குடு. அதுக்கப்புறமும் அவ ஒண்ணும் செய்யலைன்னா நானே ஐவிண்டைக் கூப்பிடுறேன்." ஹர்டிஸ் ஒத்துக்கொண்டாள், ஆனால் விடைபெறாமலேயே வைத்தாள்.

பேருந்து வருவதற்குள் தூருன் இன்னொரு வேலையையும் முடித்தாள். செயலியில் அந்தச் செலவைத் திறந்து, "திருத்து" என்பதைத் தொட்டு, ஒட்னியின் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தாள். பங்கு மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு எழுநூற்று இருபது ஆனது. கட்டியது போக மூன்று பேரும் ஒட்னிக்கு ஆளுக்கு நூற்று எண்பது கொடுக்க வேண்டும் என்று காட்டியது. தூருன் தன் நூற்று எண்பதை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பூடிலும் அனுப்பியதாகக் குழுவில் தெரிந்தது. ஹர்டிஸின் பெயருக்கு எதிரே மட்டும் பாக்கி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்னியிடமிருந்து சத்தமே இல்லை. தூருன் இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. சாண்ட்வீக்கன் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு ஓடினாளாம். வோஸ் சாலையில் விபத்து ஏதும் உண்டா என்று வானொலிச் செய்தியை ஒவ்வொரு மணிக்கும் கேட்டாளாம். தோழியை இழந்துவிட்டோம் என்பது ஒரு பயம். அந்தத் தோழி இப்போது கோபத்தில் கார்ச் சாவியை எடுத்திருப்பாளோ என்பது அதைவிடப் பெரிய பயம். ஹர்டிஸ் சொன்னதுதான் சரியோ என்று ஆயிரம் தடவை நினைத்ததாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை கடை மணி அடித்தது. ஒட்னி நின்றிருந்தாள். நனைந்த கோட்டு, நடந்து வந்த மூச்சிரைப்பு.

"காரை எடுக்கலை," என்றாள் முதல் வார்த்தையாக. பிறகு என்னைப் பார்த்து, "வாசுகி, நீயும் இரு. எல்லாரும்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே," என்றாள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள். தூருன் முக்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு நாள் உங்க மேல கோவமா இருந்தேன். இப்பவும்தான் இருக்கேன், அது போகட்டும்," என்றாள் ஒட்னி. "ஆனா நேத்து ஒண்ணு தோணிச்சு. அந்தக் கணக்கு போன்ல வந்தப்போ, ஹர்டிஸுக்கு அப்படி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பா?"

"உடனே போன் பண்ணிக் கத்தியிருப்பா," என்றாள் தூருன்.

"ஆமா. 'எந்த விருந்துடி? நான் வீட்டுல இல்ல இருந்தேன்?'னு கேட்டிருப்பா. நீயும் கேட்டிருப்ப. பூடில்கூட அழுதுகிட்டே கேட்டிருப்பா. எனக்குக் கேக்கத் தோணலை, தூருன். போனைப் பாத்த உடனே, சரி, இதுவும் போச்சு, மறந்துட்டேன்னுதான் தோணிச்சு. யாரும் கண்டுபிடிக்கறதுக்குள்ள பணத்தைக் கட்டிடணும்னு கட்டினேன். நன்றி எழுதினேன். உக்காந்து பேசினதாவும் எழுதினேன்." அவள் விரல்கள் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தன. "நீங்க பாத்ததெல்லாம் கொஞ்சம்தான். நான் ஒரு வருஷமா இப்படித்தான் பூசி மெழுகிட்டு இருக்கேன். கடையில விலை மறந்துடும். மொதலாளிக்கு ஞாபகம் இருக்கான்னு சோதிக்கற மாதிரி அவரையே கேட்டுச் சமாளிப்பேன். அந்த விருந்து ஒண்ணுதான் நான் மறக்காதது. அதையும் மறந்ததா நம்பினேன் பாரு."

தூருன் அவள் கையைப் பிடித்தாள். ஒட்னி விலக்கவில்லை.

"டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், நானே. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நீ வரியா? ஹர்டிஸ் வேண்டாம், அவ டாக்டரைப் பேச விட மாட்டா."

தூருன் போனாள். முதல் மருத்துவர் ரத்தம் எடுத்தார், படம் வரையச் சொன்னார், வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். அங்கிருந்து நினைவாற்றல் பிரிவுக்கு அனுப்பினார்கள். காத்திருந்து காத்திருந்து, கோடை முடிகிற சமயத்தில் முடிவு வந்தது. நோய் ஆரம்பித்துவிட்டது, ஆனால் ஆரம்பம்தான் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். கார் ஓட்டக் கூடாது என்றார்கள். ஒட்னி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தாளாம். தூருனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஐவிண்டுக்கு ஒட்னியே போனில் சொன்னாள். அவன் அடுத்த விமானத்திலேயே வந்து இறங்கினான்.

ஹர்டிஸோடு சமாதானமாகத்தான் வெகு நாள் ஆனது. இரண்டு பேரும் பிடிவாதக்காரிகள். பூடில் நடுவில் நின்று அழுது அழுது அதைச் சாதித்தாள். இப்போது வாரம் ஒரு தடவை ஹர்டிஸ்தான் ஒட்னியின் மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்கிறாள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே.

பூக்கடை முதலாளி ஒட்னியைக் கல்லாவிலிருந்து எடுத்துப் பூங்கொத்துக் கட்டும் மேசையில் உட்கார வைத்தார். கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. போன மாதம் புதுக் கண்ணாடிக்கு வந்திருந்தாள். பின்னறைக் கதவைத் தட்டி எனக்கு வணக்கம் சொன்னாள். செக்கச் சிவந்த ஒரு சட்டத்தைப் போட்டுக் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

தூருன் விலையைச் சொன்னாள். ஒட்னி பச்சைச் சட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் சிவப்பையே எடுத்தாள்.

"இது எவ்வளவுடி?"

தூருன் விலையைச் சொன்னாள், முதல் தடவை சொல்வதுபோல.

"கொள்ளைக்காரி," என்றாள் ஒட்னி. "இதையே போடு."

நான் லென்ஸ் வெட்டும் இயந்திரத்தைப் போட்டேன்.